மெட்ஃபார்மின் எந்தப் பத்தியில் இருந்தது?

கீழே இருப்பது ஒரு டிஸ்சார்ஜ் சம்மரியின் நடுப்பகுதி. தாளை ஸ்கேன் செய்து, அதிலுள்ள எழுத்துகளைக் கணினியை விட்டுப் படிக்கச் சொன்னால் இப்படித்தான் வந்து விழும். நோயாளியும் எண்களும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. கலக்கம் மட்டும் நிஜம்.

```
COURSE IN HOSPITAL DISCHARGE MEDICATIONS
Patient was on Tab. Metformin 1. Inj. Insulin 30/70 s/c
500 mg 1-0-1 and Tab. Telmisartan 12-0-8 units before food
40 mg 1-0-0 at home. Both were 2. Tab. Amlodipine 5 mg
stopped in view of creatinine 2.4. 0-0-1 x 1 month
Started on IV antibiotics. 3. Tab. Cefixime 200 mg
```

இதை மேலிருந்து கீழே அப்படியே படித்துப் பாருங்கள். 'டிஸ்சார்ஜ் மெடிகேஷன்ஸ்' என்ற தலைப்பை ஒட்டி மெட்ஃபார்மின் வருகிறது. அப்படியானால் வீட்டுக்குப் போய் அதைச் சாப்பிட வேண்டும் என்று தோன்றும். அம்லோடிபின் 5 மி.கி. என்ற சொற்களை ஒட்டி, கிரியாட்டினின் 2.4 ஆக இருந்ததால் நிறுத்தப்பட்டது என்று வருகிறது. அப்படியானால் அதை விட்டுவிட வேண்டும் என்று தோன்றும். மூலத்தாள் சொல்வது இரண்டுக்கும் நேர் எதிர். சிறுநீரகம் பாதிக்கப்பட்டதால் மெட்ஃபார்மினையும் டெல்மிசார்ட்டனையும் மருத்துவர் நிறுத்தியிருக்கிறார். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டனின் இடத்தில் அம்லோடிபின் எழுதியிருக்கிறார்.

இங்கே ஓர் எழுத்துகூடப் பிழையாகப் படிக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் இந்தத் தவறு கண்ணில் படுவதில்லை. 'மெட்ஃபார்மின்' என்பது 'மெட்பார்நின்' என்று வந்திருந்தால் யாராவது நின்று மூலத்தைப் பார்ப்பார்கள். எல்லாச் சொல்லும் சரியாக இருந்து, நிற்கும் இடம் மட்டும் மாறியிருந்தால், படிப்பவர் ஒரு கணம் குழம்பிவிட்டுத் தனக்குத் தோன்றிய பொருளை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். வெளியூர் மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்கப் பழைய காகிதங்களை எழுத்தாக்கி அனுப்பும் குடும்பங்களும், இன்சூரன்ஸ் கோப்புகளைத் தயாரிப்பவர்களும், ஆஸ்பத்திரியின் பழைய ஆவணங்களைக் கணினிக்கு ஏற்றுபவர்களும் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

நாம் தாளைப் பார்த்ததும் நடுவில் மேலிருந்து கீழாக ஓடும் வெள்ளை இடைவெளியைக் கண் பிடித்துக்கொள்கிறது. இடப் பத்தியை முடித்துவிட்டு வலப் பத்திக்குப் போகிறோம். கணினிக்கு இந்த வெள்ளையைத் தேடிக் கண்டுபிடித்தாக வேண்டும். 1984இல் ஜார்ஜ் நாகியும் சரத் சேத்தும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். பக்கத்தின் மேல் ஒவ்வொரு நேர்க்கோட்டிலும் எத்தனை கறுப்புப் புள்ளிகள் விழுகின்றன என்று எண்ணு. புள்ளியே விழாத அகலமான பட்டை எங்கே இருக்கிறதோ அங்கே வெட்டு. கிடைத்த துண்டுகளை மறுபடி குறுக்கிலும் நெடுக்கிலும் இதேபோல் வெட்டு. வெட்ட வெள்ளையே இல்லாத துண்டு ஒரு பாரா என்று எடுத்துக்கொள். இன்றைய மென்பொருள்கள் இதைவிட நுட்பமாகச் செய்தாலும், இரு பத்தித் தாளில் அவை தடுமாறும் காரணங்கள் இந்தப் பழைய வழியிலேயே தெரிகின்றன.

முதல் காரணம் முத்திரை. ஆஸ்பத்திரியின் உருண்டை முத்திரையோ, மருத்துவரின் கையெழுத்தோ, கோப்பில் கோத்த கயிற்றின் நிழலோ நடு இடைவெளியின் மேல் விழுந்துவிட்டால் அந்த இடத்தில் வெள்ளைப் பட்டை அறுந்துபோகும். மேல் பாதி ஒழுங்காகப் பிரிந்திருக்க, முத்திரை விழுந்த ஐந்தாறு வரிகள் மட்டும் குறுக்கே ஒட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் முழுக்கக் கலங்கியிருந்தால் உடனே தெரிந்துவிடும். இப்படி நடுவில் கொஞ்சம் கலங்குவதுதான் ஆபத்தானது.

இரண்டாவது, சாய்வு. ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலம். ஸ்கேனரில் அது ஒரே ஒரு டிகிரி கோணலாக விழுந்தாலும், இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் போவதற்குள் வரி ஏறத்தாழ 3.7 மில்லிமீட்டர் ஏறியோ இறங்கியோ விடும். 10 புள்ளி அளவு எழுத்தில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் உள்ள தூரமே 4.2 மில்லிமீட்டர்தான். ஆகவே இடப் பத்தியின் நான்காவது வரி, வலப் பத்தியின் நான்காவது வரியோடு ஒட்டாமல் மூன்றாவதோடோ ஐந்தாவதோடோ ஒட்டிக்கொள்ளலாம். கலக்கம் ஒரே சீராக இருக்கும் என்று நம்பி எல்லா வரியையும் ஒரே கணக்கில் பிரிப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். நெடுக்குப் பட்டையும் இதே சாய்வால் ஒடுங்கிவிடுகிறது என்பது கூடுதல் தொல்லை.

மூன்றாவது நம் கையால் வருவது. டெஸராக்ட் என்ற இலவச மென்பொருளைப் பலர் பயன்படுத்துகிறார்கள். ஹெச்பி நிறுவனத்தில் 1980களில் உருவாகி, 2005இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது அது. அதில் பக்கத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்ல ஓர் எண் உண்டு. `--psm 6` என்று கொடுத்தால் 'இந்தப் பக்கம் முழுக்க ஒரே சீரான எழுத்துத் தொகுதி' என்று பொருள். ஒற்றைப் பத்தித் தாளுக்கு நன்றாக வேலை செய்ததால் அதையே எல்லாத் தாளுக்கும் வைத்திருப்பார்கள். இரு பத்தித் தாளை அப்படிக் கொடுத்தால் மேலே பார்த்த கலவை வராமல் வேறென்ன வரும்?

ஸ்கேன் படம் கையில் இருக்கிறதென்றால், கலங்கிய எழுத்தைத் திருத்திக்கொண்டு உட்காரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. படத்துக்குத் திரும்பிப் போய்ப் பக்கத்தை நாமே வெட்டிக் கொடுப்பது வேகமானது, நம்பகமானதும்கூட. முதலில் சாய்வை எடுத்துவிட்டு, பிறகு இடப் பத்தி ஒரு படம், வலப் பத்தி ஒரு படம் என்று நறுக்கி, ஒவ்வொன்றையும் தனியாகப் படிக்கவைக்க வேண்டும். 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்த ஏ4 பக்கம் 2480 புள்ளி அகலமும் 3508 புள்ளி உயரமும் இருக்கும். நடு இடைவெளி 1230ஆவது புள்ளியில் இருப்பதாகவும், இரு பத்திகளும் மேலிருந்து 800இல் தொடங்கி 2500இல் முடிவதாகவும் வைத்துக்கொண்டால் கட்டளை இப்படி இருக்கும்:

```
magick page1.png -deskew 40% +repage s.png
magick s.png -crop 1230x1700+0+800 +repage left.png
magick s.png -crop 1250x1700+1230+800 +repage right.png
tesseract left.png left --psm 4
tesseract right.png right --psm 4
```

இங்கே `--psm 4` என்பது 'எழுத்தளவு மாறினாலும் ஒரே பத்திதான்' என்று சொல்வது. எண்களை உங்கள் படத்தைத் திறந்து பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும். கட்டளை எழுதப் பழக்கமில்லாதவர்கள் போனிலேயே படத்தை இரண்டு முறை கிராப் செய்து, இரண்டையும் தனித்தனியாக எழுத்தாக்கினாலும் பலன் ஒன்றுதான். ஆனால் முன்பின் தெரியாத இணையதளத்தில் ஏற்றி மாற்றாதீர்கள். பெயர், வயது, ஐ.பி. எண், நோய் எல்லாம் அந்தத் தாளில் இருக்கிறது.

வெட்டும்போது கத்தரிக்கோலைத் தலை முதல் கால் வரை ஒரே இழுப்பாக இழுத்துவிடக் கூடாது. டிஸ்சார்ஜ் சம்மரியில் பக்கம் முழுவதும் இரு பத்தியாக இருப்பது அபூர்வம். மேலே நோயாளியின் பெயர், சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, மருத்துவர் பெயர் எல்லாம் ஒரு கட்டத்துக்குள் இருக்கும். அதன் கீழே நோய் நிர்ணயம் தாளின் முழு அகலத்துக்கும் ஓடும். அப்புறம் இரு பத்திகள். நடுவில் பரிசோதனை முடிவுகளின் அட்டவணை மீண்டும் முழு அகலத்துக்கு வரும். அதற்குக் கீழே மறுபடி இரு பத்திகள். ஆகவே முதலில் குறுக்கே வெட்டித் தளம் தளமாகப் பிரித்துக்கொண்டு, அப்புறம் இரு பத்தித் தளங்களை மட்டும் நெடுக்கே வெட்ட வேண்டும். படிக்கும் வரிசை: முதல் தளம், இரண்டாவது தளம், மூன்றாவது தளத்தின் இடது, அதன் வலது, பிறகு அட்டவணை, அதற்குப் பின் ஐந்தாவது தளத்தின் இடது, வலது. தளம் பிரிக்காமல் நெடுக்கே வெட்டியவருக்கு அட்டவணையின் பாதி இடப் பத்திக்குள்ளும் மீதி வலப் பத்திக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அட்டவணையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே விதி தலைகீழாகிறது. உரையை மேலிருந்து கீழே படிக்கிறோம்; அட்டவணையை இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். பத்தி பிரிக்கத் துடிக்கும் மென்பொருள், அட்டவணையின் செங்குத்து வெள்ளைகளையும் பத்தி இடைவெளி என்று எண்ணி, முதலில் பரிசோதனைப் பெயர்களை எல்லாம் கொட்டும். அப்புறம் முதல் நாள் எண்களை, அப்புறம் மூன்றாம் நாள் எண்களைக் கொட்டும். கட்டம் எதுவும் காலியாக இல்லையென்றால் எண்ணிப் பொருத்திவிடலாம். நம் நோயாளிக்கு யூரியா, கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம் என்று நான்கு வரிகள். முதல் நாளில் நான்கும் பார்த்தார்கள்: 84, 2.4, 131, 5.4. மூன்றாம் நாளில் யூரியாவும் பொட்டாசியமும் பார்க்கவில்லை, கிரியாட்டினின் 1.9, சோடியம் 134 மட்டும் இருக்கின்றன. காலிக் கட்டம் எழுத்தாக வராது. ஆகவே மூன்றாம் நாள் எண்கள் 1.9, 134 என்று இரண்டாக வந்து நிற்கும். மேலிருந்து பொருத்தினால் யூரியா 1.9, கிரியாட்டினின் 134 என்றாகும்.

நம் ஊரில் கிரியாட்டினினை டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று எழுதுவதால் 134 என்பது நடக்காத எண், பார்த்தவுடன் சிக்கிவிடும். பிரிட்டனில் இதையே லிட்டருக்கு எத்தனை மைக்ரோமோல் என்று எழுதுகிறார்கள். அந்தக் கணக்கில் 134 என்பது நம் 1.5க்குச் சமம், சந்தேகமே வராமல் கடந்துபோகும். எண் நம்பும்படி இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல சோதனைதான், ஆனால் அது ஒன்றை மட்டும் வைத்து அட்டவணையை விட்டுவிட முடியாது. படத்தில் அந்த எண் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்ப்பதே தீர்வு. டெஸராக்டில் `tsv` என்று கேட்டால் ஒவ்வொரு சொல்லுக்கும் அது பக்கத்தில் நிற்கும் இடத்தை `left`, `top` என்ற பெயர்களில் எண்ணாகக் கொடுத்துவிடும். 1.9இன் உயரமும் கிரியாட்டினின் என்ற சொல்லின் உயரமும் ஒன்றாக இருந்தால் விஷயம் முடிந்தது.

படமே இல்லை, யாரோ அனுப்பிய கலங்கிய எழுத்து மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் வேலை கடினம். அப்போது ஒவ்வொரு வரியிலும் இரண்டு பத்திகளும் ஒட்டிய தையலைத் தேட வேண்டும். மேலே உள்ள ஆறு வரிகளையே எடுத்துக்கொள்வோம். மருந்துப் பட்டியல் எண் போட்டு வருகிறது, ஆகவே '1.', '2.', '3.' என்று தொடங்கும் இடங்கள் வலப் பத்தியின் தொடக்கம் என்பது தெளிவு. அந்த மூன்று வரிகளிலும் தையலுக்கு இடப்புறம் 26 முதல் 30 எழுத்து வரை இருக்கிறது. இடைவெளியையும் சேர்த்தே எண்ணியிருக்கிறேன். அச்சுப் பத்தியின் அகலம் மாறாது என்பதால், எண் போடாத வரிகளிலும் தையல் அந்த இடத்தை ஒட்டித்தான் இருக்க வேண்டும். மூன்றாவது வரியில் டெல்மிசார்ட்டன் என்ற சொல் 33ஆவது எழுத்தில் முடிகிறது. அடுத்து 12-0-8 யூனிட் என்று வருகிறது. யூனிட் கணக்கு இன்சுலினுக்கு உரியது, மாத்திரைக்கு அல்ல. ஆகவே தையல் அங்கே. ஐந்தாவது வரியில் 2.4க்கும் 0-0-1க்கும் நடுவே 34ஆவது எழுத்தில் தையல் விழுகிறது.

பிரித்தபின் இரு பக்கத்தையும் தனித்தனியாகப் படித்துச் சரிபார்க்க வேண்டும். இடப் பத்தியில் ஒரு வரி 'போத் வேர்' என்று அந்தரத்தில் முடிகிறது; அடுத்த இடப் பத்தி வரி 'ஸ்டாப்ட்' என்று தொடங்குகிறது. வாக்கியம் பொருந்திவிட்டது. வலப் பத்தியில் அம்லோடிபின் 5 மி.கி. அடுத்து 0-0-1, ஒரு மாதம். இதுவும் பொருந்துகிறது. இரண்டு பத்தியும் ஒரே சமயத்தில் பொருந்தினால்தான் தையலை நம்பலாம். ஒரு பக்கம் மட்டும் அழகாக வந்து மறுபக்கம் உளறினால் தையல் ஒரு வரி தள்ளியிருக்கிறது என்று அர்த்தம். செஃபிக்ஸிம் 200 மி.கி. என்பதோடு நம் துண்டு முடிந்துவிடுகிறது. எத்தனை வேளை, எத்தனை நாள் என்பது அதற்கு அடுத்த வரியில் இருந்திருக்க வேண்டும். வழக்கமாக இரண்டு வேளை ஐந்து நாள் கொடுப்பார்கள் என்று நினைத்து 1-0-1 என்று நாமே எழுதிவிடக் கூடாது. 'அடுத்த வரி இல்லை' என்று குறித்துவிட்டு நகர வேண்டும்.

தலைப்புகளின் கதை வேறு. பல ஆஸ்பத்திரிகள் பிரிவுத் தலைப்பைக் கறுப்பு அல்லது சாம்பல் பட்டைக்குள் வெள்ளை எழுத்தில் அச்சிடுகின்றன. கண்ணுக்கு எடுப்பாக இருக்கும். ஸ்கேன் செய்யும்போது அந்தப் பட்டை ஏதோ படம் என்று ஒதுக்கப்பட்டு, தலைப்பு காணாமல் போய்விடும். தலைப்பு போனால் உடல் அநாதையாகிறது. முக்கியமாக, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒரு சம்மரியில் பொதுவாக இரண்டு முறை வரும்: சேர்த்தபோது இருந்த நிலை ஒன்று, அனுப்பும்போது இருந்த நிலை ஒன்று. 170/100 என்று ஓரிடத்தில், 130/80 என்று இன்னோரிடத்தில். தலைப்பில்லாமல் இவை இடம் மாறினால், தேறி வீட்டுக்குப் போனவர் மோசமாகி வீட்டுக்கு அனுப்பப்பட்டவராகிவிடுவார்.

இங்கே உதவுவது பக்கத்துச் சொற்கள். காய்ச்சல் 101, விலாவின் பின்புறம் அழுத்தினால் வலி என்று கூடவே வந்தால் அது சேர்த்த நாள். காய்ச்சல் இல்லை, நடமாடுகிறார், வாய்வழி உணவு எடுக்கிறார் என்று வந்தால் அது அனுப்பிய நாள். இதை வைத்துத் தலைப்பைத் திரும்பப் போடலாம், ஆனால் நாம் ஊகித்துப் போட்ட தலைப்பு என்று தெரியும்படி சதுர அடைப்புக்குள் போட வேண்டும். தாளில் அச்சாகியிருந்த தலைப்பும் நாம் போட்ட தலைப்பும் ஒன்றுபோலத் தெரிந்தால், அடுத்து படிக்கும் மருத்துவருக்கு எதை நம்புவது என்று தெரியாது. இன்னொன்று, பிரிவுகளின் வரிசையை நாம் அழகுபடுத்தக் கூடாது. முறையீடு, பரிசோதனை, சிகிச்சை விவரம், மருந்து என்று போவதே வழக்கம் என்றாலும், சில ஆஸ்பத்திரிகள் மருந்துப் பட்டியலை முன்னால் வைக்கின்றன. அச்சில் இருந்த வரிசைதான் வரிசை. ஆளுக்கொரு வரிசையில் அடுக்கினால், பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவே முடியாமல் போகும்.

வேலை முடிந்ததும் நான் எல்லோரிடமும் செய்யச் சொல்வது எண் கணக்கு. கலங்கிய எழுத்திலும் சீர்செய்த எழுத்திலும் உள்ள சொற்களின் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். நாம் சேர்த்த அடைப்புக் குறிப்புகளைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். அதன்பின் இரண்டிலும் உள்ள எண்களை மட்டும் பொறுக்கி எடுத்து ஒப்பிட வேண்டும். 500 இரண்டு முறை வந்தாலோ 40 காணாமல் போனாலோ வரியை நகர்த்தும்போது ஏதோ நடந்திருக்கிறது. இந்தக் கணக்கு வரிசை சரியா என்று சொல்லாது, எதுவும் தொலையவில்லை என்பதை மட்டும் சொல்லும். வரிசைக்கு, படத்தை ஒருவர் வாசிக்க எழுத்தை இன்னொருவர் பார்ப்பதற்கு மாற்று இல்லை. படிக்கும்போது தசமப் புள்ளியின் மேல் கண் இருக்கட்டும்: மங்கிய ஸ்கேனில் 0.5 என்பது 05 ஆவதும், 2.4 என்பது 24 ஆவதும் சாதாரணம்.

குடும்பத்தினருக்கு இன்னொரு சாட்சியும் வீட்டிலேயே இருக்கும். வெளியேறும் நாளில் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் போட்ட பில்லைத் தேடி எடுங்கள். அதில் இன்சுலின், அம்லோடிபின், செஃபிக்ஸிம் இருந்து மெட்ஃபார்மின் இல்லையென்றால், நாம் பிரித்த விதம் சரி என்பதற்கு அது வலுவான ஆதாரம். பில்லில் கம்பெனிப் பெயர் இருக்கும், சம்மரியில் மருந்தின் பெயர் இருக்கும். அட்டையின் பின்புறம் இரண்டும் அச்சாகியிருப்பதால் பொருத்திப் பார்ப்பது சிரமமில்லை. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மருந்தைப் பில்லில் போட மாட்டார்கள் என்பதால், பில்லில் இல்லாதது எல்லாம் நிறுத்தப்பட்டது என்று மட்டும் முடிவுகட்டிவிடாதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு மருந்து தொடர வேண்டியதா, நிறுத்தியதா என்பதில் ஐயம் மிஞ்சினால், அதை நம் புத்தியால் தீர்க்கப் பார்க்காமல் சிகிச்சை அளித்த மருத்துவரிடமோ ஆஸ்பத்திரியின் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவிலோ கேட்டுவிடுவதே முறை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு தொழில் நெறி விதிகளின்படி, உள்நோயாளிகளின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்த ஆளோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். கேட்கும்போது ஜெராக்ஸின் ஸ்கேன் வேண்டாம், கணினியிலிருந்து நேராக எடுத்த பிடிஎஃப் இருந்தால் அதைக் கொடுங்கள் என்று கேளுங்கள்.